அடி எவ்வளவு நீளம்? கோட்டுத் தேடலும் நம்பகப் பகுதியும்

ஒரு சார்பின் மதிப்பு எங்கே மிகக் குறைவாக இருக்கிறது என்று கணினி தேடும்போது, அது நிற்கும் புள்ளியில் மூன்று விவரங்கள்தான் அதன் கையில் இருக்கும்: சார்பின் மதிப்பு, சரிவு, வளைவு. சற்றுத் தள்ளிப் போனால் சார்பு எப்படித் திரும்புகிறது என்பது தெரியாது. எனவே இந்த மூன்றுக்கும் பொருந்தும் ஓர் இருபடிச் சார்பை அமைத்து, அதன் அடித்தளத்தை நோக்கி அடி வைப்பது வழக்கம். இந்த இருபடிச் சார்புக்கு மாதிரி என்று பெயர். மாதிரியின் அடித்தளத்துக்கே ஒரே தாவலில் போவது நியூட்டன் அடி.

மாதிரி அருகில் மட்டுமே உண்மையைச் சொல்லும் என்பதுதான் சிக்கல். f(x) = √(1 + x²) என்ற சார்பைப் பார்ப்போம். இதன் சிறுமம் x = 0 என்ற இடத்தில் இருப்பது பார்த்தாலே தெரியும். இருந்தும் x = 2 என்ற புள்ளியிலிருந்து நியூட்டன் அடி வைத்தால் தேடல் −8 என்ற இடத்தில் போய் விழுகிறது. அங்கே சார்பின் மதிப்பு 2.24 என்பதிலிருந்து 8.06 ஆக ஏறிவிடுகிறது. x பெரிதாகும்போது இந்தச் சார்பு ஏறக்குறைய நேர்கோடாகிவிடும். வளைவு மிகச் சிறிதாக இருக்கும். தட்டையான பரவளையத்தின் அடித்தளம் வெகு தொலைவில் இருப்பதாக மாதிரி நம்பிவிடுகிறது. x = 1 என்ற புள்ளியில் தொடங்கினால் நிலைமை இன்னும் மோசம்: 1 என்பதிலிருந்து −1, அங்கிருந்து மறுபடி 1 என்று முடிவில்லாமல் ஊசலாடும்.

இந்தத் தாவலுக்குக் கடிவாளம் போட இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி கோட்டுத் தேடல். இதில் திசை முதலில் முடிவாகிறது, நீளம் பிறகு. நியூட்டன் அடியின் திசையை அப்படியே வைத்துக்கொண்டு, போதுமான இறக்கம் கிடைக்கும் வரை நீளத்தைப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போவது இதன் எளிய வடிவம். எவ்வளவு இறங்கினால் போதும் என்பதற்கு 1966-இல் ஆர்மிஹோ தந்த நிபந்தனை இன்றும் பயன்படுகிறது: சரிவின் கணக்குப்படி கிடைக்க வேண்டிய இறக்கத்தில் ஒரு சிறு பங்காவது உண்மையில் கிடைத்திருக்க வேண்டும். மேலே சொன்ன சார்பில் x = 2 என்ற இடத்தில் நியூட்டன் அடி −10. அது −8-க்குக் கொண்டுபோகிறது. மதிப்பு ஏறுகிறது, தள்ளுபடி. பாதியாக்கினால் −3, மதிப்பு 3.16, அதுவும் தள்ளுபடி. மறுபடி பாதியாக்கினால் −0.5, மதிப்பு 1.12, ஏற்கலாம். மூன்று சோதனைகளில் சிறுமத்துக்கு அருகில் வந்தாயிற்று.

இரண்டாவது வழி நம்பகப் பகுதி. இதில் வரிசை தலைகீழ். இன்ன தூரம் வரைதான் மாதிரியை நம்பலாம் என்று ஓர் ஆரம் முதலில் முடிவாகிறது. அந்த ஆரத்துக்குள் மாதிரி மிகத் தாழ்வாக இருக்கும் இடம் எதுவோ, அதுவே அடுத்த அடி. நீளத்துக்கு வரம்பு கட்டிய பிறகே திசை பிறக்கிறது.

ஆரம் சரிதானா என்று எப்படித் தெரியும்? இங்கேதான் இந்த முறையின் உயிர் இருக்கிறது. அடி வைக்கும் முன்பே, இவ்வளவு குறையும் என்று மாதிரி ஒரு கணக்குச் சொல்கிறது. அடி வைத்துப் பார்த்ததும் உண்மையில் எவ்வளவு குறைந்தது என்பது தெரிந்துவிடும். உண்மைக் குறைவை எதிர்பார்த்த குறைவால் வகுத்தால் வரும் விகிதமே மாதிரிக்கு நாம் போடும் மதிப்பெண். அது 1-ஐ ஒட்டி இருந்தால் மாதிரி சொன்னது பலித்தது. 0-வை ஒட்டி இருந்தாலோ, எதிர்ம எண்ணாக வந்தாலோ, அந்தத் தூரத்துக்கு மாதிரியின் பேச்சை நம்பக் கூடாது. பைத்தானின் SciPy நூலகத்தில் உள்ள `trust-exact` போன்ற முறைகள் பின்பற்றும் விதியைச் சுருக்கமாக இப்படி எழுதலாம்:

```python
rho = (f(x) - f(x + s)) / (m(0) - m(s))
if rho < 0.25:
    delta = 0.25 * delta
elif rho > 0.75 and hits_boundary:
    delta = min(2 * delta, delta_max)
if rho > 0.15:
    x = x + s
```

இதில் `m` மாதிரி, `s` அடி, `delta` ஆரம், `rho` விகிதம். விகிதம் கால் பங்குக்குக் கீழே போனால் ஆரம் கால் பங்காகச் சுருங்கும். முக்கால் பங்கைத் தாண்டினால் இரட்டிக்கும். அடியை ஏற்பதா வேண்டாமா என்பது தனி முடிவு. 0.2 என்ற விகிதம் வந்தால் அடி ஏற்கப்படும், ஆனாலும் ஆரம் சுருங்கும்.

அதே சார்பை, அதே x = 2 என்ற புள்ளியிலிருந்து, ஆரம் 1 என்று வைத்து நடத்திப் பார்க்கலாம். −10 போகச் சொல்கிற மாதிரியை வரம்பு −1-இல் நிறுத்துகிறது. எதிர்பார்த்த குறைவு 0.850, உண்மைக் குறைவு 0.822, விகிதம் 0.97. அடி ஏற்கப்பட்டு x = 1 ஆகிறது; ஆரம் 2 ஆக வளர்கிறது. x = 1 ஊசலாட்டம் பிறக்கும் இடம். அங்கே நியூட்டன் அடி சரியாக −2. ஆரமும் 2 என்பதால் வரம்பு தடுக்கவில்லை. 0.707 குறையும் என்று மாதிரி சொல்கிறது. ஆனால் 1-இலும் −1-இலும் சார்பின் மதிப்பு ஒன்றே. உண்மைக் குறைவு 0, விகிதம் 0. அடி தள்ளுபடியாகிறது, ஆரம் 0.5 ஆகச் சுருங்குகிறது. புள்ளி நகரவில்லை என்பதால் சரிவையும் வளைவையும் மறுபடி கணக்கிட வேண்டியதில்லை. கையில் இருக்கும் மாதிரியே சிறிய வட்டத்துக்குள் மறுபடி பயன்படுகிறது. இப்போது −0.5 அடி, விகிதம் 0.96; x = 0.5, ஆரம் 1.

அடுத்த நியூட்டன் அடி −0.625. அது ஆரத்துக்கு உள்ளேயே அடங்கிவிடுவதால் முழுதாக வைக்கப்படுகிறது. விகிதம் 0.79, முக்காலைவிட அதிகம். ஆனாலும் ஆரம் வளர்வதில்லை. அடி வரம்பைத் தொடவே இல்லை. ஆகவே வரம்பு இறுக்கமாக இருந்தது என்பதற்குச் சான்று இல்லை. நிரல் எழுதுவோர் அடிக்கடி விட்டுவிடும் நிபந்தனை இதுதான். இதை விட்டால் ஆரம் காரணமில்லாமல் ஊதிப்போய், பின்னால் கரடுமுரடான இடம் வரும்போது வீண் சோதனைகளில் சுருங்க வேண்டியிருக்கும்.

இந்த ஒரு பரிமாணக் கணக்கில் நம்பகப் பகுதி கோட்டுத் தேடலை வெல்லவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2 என்ற இடத்திலிருந்து 0.5 தொலைவுக்குள் வர இரண்டுக்கும் மூன்று சோதனைகள்தான் ஆயின. நம்பகப் பகுதிக்கு மாதிரியை ஒரு முறை கூடுதலாகக் கட்ட வேண்டியிருந்தது. ஒரே கோட்டின் மேல் நடக்கும்போது திசையில் தேர்வு ஏது? வேறுபாடு தெரிய இரண்டு பரிமாணம் வேண்டும்.

மாதிரி x² − y² என்று அமையும் ஓர் இடத்தை எடுத்துக்கொள்ளலாம். இது குதிரைச் சேணத்தின் வடிவம்: ஒரு பக்கம் மேலே வளைகிறது, மறுபக்கம் கீழே. தேடல் (1, 0.1) என்ற புள்ளியில் நிற்கிறது, மதிப்பு 0.99. நியூட்டன் அடி (−1, −0.1), அது சேணத்தின் நடுவான (0, 0) புள்ளிக்கே இழுக்கிறது. அந்தத் திசையில் மதிப்பு குறைவதால் கோட்டுத் தேடல் மறுப்பின்றி அதை ஏற்றுக்கொள்ளும். நடுவில் சரிவு பூச்சியம். சிறுமமே இல்லாத இடத்தில் தேடல் நின்றுவிடும். அதே புள்ளியில் ஆரம் 0.447 என்று வைத்தால் நம்பகப் பகுதியின் அடி (−0.4, +0.2). y குறையவில்லை, கூடுகிறது. சேணத்தின் நடுவை விட்டு விலகி, பள்ளம் இருக்கும் பக்கம் திரும்புகிறது. மாதிரியின் மதிப்பு 0.27-க்கு இறங்குகிறது. அதே நீளத்தை நியூட்டன் திசையில் நடந்திருந்தால் ஏறக்குறைய 0.305 வரைதான் இறங்கியிருக்கும். வட்டம் சுருங்கச் சுருங்க அடியின் திசையும் செங்குத்துச் சரிவை நோக்கித் திரும்பும். திசையை முதலில் பூட்டிவிட்ட கோட்டுத் தேடலால் இதைச் செய்ய முடியாது. சேணம் போன்ற இடங்களைக் கடக்க, அது வளைவு அணியைத் தனியே திருத்திக்கொள்ள வேண்டும்.

இதற்கு விலை உண்டு. வட்டத்துக்குள் மாதிரியின் மிகத் தாழ்வான இடத்தைக் காண்பதே ஒரு சிறு கணக்கு. அதைத் துல்லியமாகத் தீர்க்க ஒரே அடிக்குள் சமன்பாட்டுத் தொகுதியைச் சில முறை தீர்க்க வேண்டும். 1970-இல் பவல் கொடுத்த நாய்க்கால் வழி, செங்குத்துச் சரிவையும் நியூட்டன் அடியையும் ஒரு முடக்குக் கோட்டால் இணைத்து, அந்தக் கோடு வட்டத்தை வெட்டும் இடத்தை எடுத்துக்கொள்கிறது. துல்லியம் சற்றுக் குறையும். செலவு வெகுவாகக் குறையும். ஆனால் வளைவு எங்கும் மேல்நோக்கி இருந்தால்தான் இந்தக் குறுக்குவழி செல்லும். மேலே கண்ட சேணத்துக்கு அது உதவாது.

கோடு பொருத்தும் கணக்குகளில் நன்கு அறியப்பட்ட லெவன்பர்க்–மார்க்வர்ட் முறையும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. 1944-இல் லெவன்பர்க்கும் 1963-இல் மார்க்வர்ட்டும் ஆரத்தைப் பற்றிப் பேசவில்லை. வளைவு அணியின் மூலைவிட்டத்தில் ஓர் எண்ணைக் கூட்டி அடியைக் குறுக்கினார்கள். அந்த எண் பெரிதானால் வட்டம் சிறிதாகும், அவ்வளவே. 1978-இல் மோரே அதை ஆரத்தின் மொழியிலேயே மாற்றி எழுதினார். அந்த வடிவம்தான் MINPACK நூலகத்தில் இடம்பெற்றது. அங்கும் 0.25, 0.75 என்ற அதே எல்லைகள் இருக்கின்றன. ஆனால் அடியை ஏற்க 0.0001 விகிதமே போதும். இந்த எண்கள் அனுபவத்தில் தேர்ந்தவை. சற்று மாற்றினாலும் முறை குலைந்துவிடாது.

குலைவது வேறு இரண்டு இடங்களில். முதலாவது, சரிவுக்கான நிரலில் பிழை. வட்டம் சுருங்கச் சுருங்க மாதிரியும் சார்பும் ஒன்றாகிவிட வேண்டும். ஆகவே விகிதமும் 1-ஐ நெருங்க வேண்டும். விகிதம் எதிர்மமாகவே வந்து ஆரம் பூச்சியத்தை நோக்கிச் சரிந்துகொண்டே போனால், குற்றம் முறையில் இல்லை. வகைக்கெழுவைத் திரும்பச் சரிபார்க்க வேண்டும்.

இரண்டாவது, முடிவுக்கு மிக அருகில் வரும் எண் பிழை. மேலே தொடங்கிய கணக்கு 0.5-க்குப் பிறகு −0.125, 0.00195 என்று வேகமாக இறங்கி, பிறகு ஏறக்குறைய −0.0000000075-ஐ அடைகிறது. அங்கிருந்து எதிர்பார்க்கும் குறைவு சுமார் 2.8 × 10⁻¹⁷. கணினியின் இரட்டைத் துல்லிய எண்களில் 1-க்கு அருகே அவ்வளவு சிறிய வேறுபாடு பதிவாகாது. இரண்டு மதிப்புகளும் 1 என்றே வரும். உண்மைக் குறைவு 0, விகிதம் 0. மிகச் சரியான அடி தள்ளுபடியாகி, ஆரமும் வீணாகச் சுருங்கும். இதைத் தவிர்க்க, விகிதத்தின் மேலும் கீழும் கணினியின் துல்லிய அளவையொட்டிய ஒரு மிகச் சிறு எண்ணைக் கூட்டிக்கொள்வார்கள். குறைவுகள் இரண்டும் அந்த அளவுக்குக் கீழே போனதும் விகிதம் 1 ஆகிவிடும், அடியும் ஏற்கப்படும்.