குழாய் அளவுக்கு வால்வு வாங்காதீர்கள்

லண்டனில் ஓர் அலுவலகக் கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். குளிர்காலத்தில் வெளிக்காற்றை அப்படியே அறைகளுக்குள் விட முடியாது. சூடாக்கித்தான் அனுப்ப வேண்டும். அதற்காகக் காற்று வரும் வழியில் ஒரு ஹீட்டிங் காயில் வைத்திருப்பார்கள். செம்புக் குழாய்களின் மேல் மெல்லிய அலுமினியத் தகடுகள் நெருக்கமாக அடுக்கியிருக்கும். குழாய்களுக்குள் பாய்லரிலிருந்து வரும் வெந்நீர் ஓடும். எவ்வளவு வெந்நீர் ஓடலாம் என்று தீர்மானிப்பது ஒரு கண்ட்ரோல் வால்வு. நீர் நுழைய ஒரு வாய், வெளியேற ஒரு வாய் என்று இருப்பதால் இதற்கு டூ-போர்ட் வால்வு என்று பெயர். தலையில் உள்ள மோட்டார், காற்றின் வெப்பநிலையைப் பார்த்து வால்வைத் திறக்கும், மூடும்.

இந்த வால்வை வாங்கும்போது பலரும் செய்வது ஒன்றுதான்: குழாய் 32 மி.மீ. என்றால் வால்வும் 32 மி.மீ. பொருத்துவது சுலபம், கணக்கும் தேவையில்லை. ஆனால் அப்படி வாங்கிய வால்வு காற்றின் சூட்டை நிதானமாகக் கட்டுப்படுத்தாது. ஏன் என்பதை ஒரு கணக்கோடு பார்த்தால் விளங்கும்.

நொடிக்கு 2 கன மீட்டர் காற்று வருகிறது. வெளியே −4 டிகிரி. அதை 20 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 58 கிலோவாட் வெப்பம் வேண்டும். வெந்நீர் 80 டிகிரியில் நுழைந்து 60 டிகிரியில் வெளியேறட்டும். அப்படியானால் மணிக்குச் சுமார் 2.5 கன மீட்டர் நீர் ஓட வேண்டும். காயிலைக் கடக்கும்போது நீரின் அழுத்தம் 15 கிலோபாஸ்கல் குறையும் என்று காயில் தயாரிப்பாளரின் தாள் சொல்கிறது. அந்தக் கிளைக் குழாயிலும் மற்ற பாகங்களிலும் 5 போகும். ஆக, வால்வைத் தவிர்த்த இழப்பு 20 கிலோபாஸ்கல்.

ஒரு வால்வு எவ்வளவு நீரை விடும் என்பதற்கு ஓர் எண் உண்டு. வால்வின் இரு பக்கத்துக்கும் 1 பார், அதாவது 100 கிலோபாஸ்கல், அழுத்த வேறுபாடு இருக்கும்போது மணிக்கு எத்தனை கன மீட்டர் நீர் பாயும் என்பதே அந்த எண். முழுக்கத் திறந்த நிலையில் உள்ள மதிப்பை Kvs என்று வால்வின் பட்டியலில் அச்சிட்டிருப்பார்கள். கணக்கு இவ்வளவுதான்:

```
Kv = Q / √ΔP
```

Q என்பது மணிக்கு எத்தனை கன மீட்டர் என்ற அளவு. ΔP என்பது பாரில் அழுத்த வேறுபாடு. அமெரிக்கப் பட்டியல்களில் Cv என்ற வேறு அலகு இருக்கும். அது Kv-யைவிட 1.16 மடங்கு பெரிய எண். இரண்டையும் கலந்துவிட்டால் வால்வு சிறியதாகப் போய்விடும், கவனம்.

நீரின் அளவு தெரியும். வால்வில் எவ்வளவு அழுத்தத்தை இழக்க விடலாம் என்பதுதான் கேள்வி. காயிலும் குழாயும் எவ்வளவு இழக்கின்றனவோ, கிட்டத்தட்ட அதே அளவை வால்வும் இழக்க வேண்டும் என்பது நல்ல தொடக்கம். வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது அதில் ஏற்படும் இழப்பை, அது மூடியிருக்கும்போது அதன் குறுக்கே நிற்கும் மொத்த அழுத்தத்தால் வகுத்தால் கிடைக்கும் எண்ணைப் பொறியாளர்கள் வால்வின் ‘அத்தாரிட்டி’ என்பார்கள். அந்த ஓட்டத்தில் வால்வின் சொல் எவ்வளவு எடுபடும் என்பதை அது காட்டுகிறது. பாதிக்குப் பாதி என்றால் 0.5.

நம் கிளையில் வால்வுக்கு 20 கிலோபாஸ்கல், அதாவது 0.2 பார் கொடுத்தால், 2.5-ஐ 0.2-இன் வர்க்கமூலத்தால் வகுக்க Kv 5.6 வருகிறது. அந்த அளவில் வால்வு கிடைக்காது. பட்டியலில் 2.5, 4, 6.3, 10, 16 என்றுதான் வரிசை போகும். 4-ஐ எடுத்தால் வால்வில் மட்டும் 39 கிலோபாஸ்கல் இழப்பு. கட்டுப்பாடு அருமையாக இருக்கும். ஆனால் அந்த அழுத்தத்துக்காகப் பம்ப் வருடம் முழுக்க மின்சாரம் செலவழிக்க வேண்டும். 6.3-ஐ எடுத்தால் இழப்பு 16 கிலோபாஸ்கல், மொத்தம் 36, அத்தாரிட்டி 0.44. நான் 6.3-ஐத்தான் எடுப்பேன்.

குழாய் அளவுக்கு வாங்கிய 32 மி.மீ. வால்வின் Kvs வழக்கமாக 16. அதில் இழப்பு வெறும் 2.4 கிலோபாஸ்கல். கிளைக்கு வரும் 36-இல் மிச்சத்தை பேலன்சிங் வால்வை இறுக்கித்தான் தீர்க்க வேண்டும். அத்தாரிட்டி 0.07-க்கு விழுந்துவிடுகிறது. கால் திருகு திருகியதுமே கொட்டிவிடும் குழாயடிக் குழாய் போன்றது அது. அதற்கு மேல் எவ்வளவு திருகினாலும் பெரிய மாற்றம் தெரியாது.

அளவு சரியானாலும் வேலை முடியவில்லை. வால்வின் குணத்தையும் பார்க்க வேண்டும். காயில் நீருக்கு நேர்விகிதத்தில் வெப்பம் தருவதில்லை. நீரைப் பாதியாகக் குறைத்தால் வெப்பம் பாதியாவதில்லை. நம் காயிலில் 5-இல் 4 பங்கு அப்படியே வந்துகொண்டிருக்கும். 10-இல் ஒரு பங்கு நீர் மட்டும் ஓடினால்கூட ஏறத்தாழ 3-இல் ஒரு பங்கு வெப்பம் கிடைக்கும். நீர் மெதுவாக ஓடும்போது அதிக நேரம் தங்கித் தன் சூட்டை மேலும் இறக்கிவிட்டுப் போவதுதான் காரணம்.

ஆகவே திறப்புக்கு ஏற்ப நீரை நேராகக் கூட்டும் ‘லீனியர்’ வால்வு இங்கே பொருந்தாது. 6.3 அளவிலேயே லீனியர் வால்வைப் போட்டால், 20 விழுக்காடு திறந்ததும் 60 விழுக்காடு வெப்பம் வந்துவிடும். இங்கே வேண்டியது ‘ஈக்வல் பர்சன்டேஜ்’ வால்வு. அதில் ஒவ்வொரு சம அளவுத் திறப்புக்கும், அப்போது ஓடும் நீர் ஒரே மடங்கால் பெருகும். தொடக்கத்தில் சொட்டுச் சொட்டாகக் கூடும், கடைசியில் வேகமாகக் கூடும். காயிலின் அவசரத்தை இந்த வால்வின் தயக்கம் சமன் செய்கிறது. 6.3 அளவு ஈக்வல் பர்சன்டேஜ் வால்வைப் பாதி திறந்தால் நீர் 21 விழுக்காடுதான் ஓடும். வெப்பம் ஏறத்தாழ பாதி வரும். மோட்டாருக்குக் கிடைக்கும் கட்டளையும் காற்றுக்குக் கிடைக்கும் சூடும் ஒன்றாக நடக்கின்றன.

அதே குணமுள்ள 16 அளவு வால்வைப் பாதி திறந்தால்? நீர் 48 விழுக்காடு, வெப்பம் 80 விழுக்காட்டை ஒட்டி நிற்கும். வால்வின் நல்ல குணத்தைக் குறைந்த அத்தாரிட்டி கெடுத்துவிடுகிறது. குணமும் அளவும் சேர்ந்தே அமைய வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

தவறான வால்வைக் கண்டுபிடிக்க மிதமான குளிர் நாளில் பாருங்கள். கட்டுப்பாட்டுக் கணினியில் வால்வின் திறப்பும் காற்றின் வெப்பநிலையும் வரைகோடாகத் தெரியும். திறப்பு 0-க்கும் 15-க்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டே இருந்து, காற்றும் அதோடு சேர்ந்து சூடாகிக் குளிர்ந்துகொண்டிருந்தால் வால்வு பெரிது. சிலர் கன்ட்ரோலரின் வேகத்தைக் குறைத்து இதை அடக்குவார்கள். பிறகு உறைகுளிர் காலையில் வால்வு மெதுவாகத் திறக்க, காயில் உறையாமல் காக்கும் தெர்மோஸ்டாட் இயந்திரத்தையே நிறுத்திவிடும்.

இந்தக் கணக்குக்கும் ஓர் எல்லை உண்டு. கட்டடத்தில் மற்ற வால்வுகள் மூடும்போது மிச்சமிருக்கும் வால்வின் குறுக்கே அழுத்தம் ஏறும். நாம் கணக்கிட்ட 36, 80 ஆகலாம். அப்போது அத்தாரிட்டி பாதிக்கும் கீழே போகும். கிளைக்கு ஓர் அழுத்த வேறுபாட்டுக் கட்டுப்பாட்டுக் கருவி வைத்தால் அது நேராது. அழுத்தத்தைத் தானே சமன் செய்யும் வால்வுகளும் இப்போது கிடைக்கின்றன. அவற்றுக்கு இந்த Kv கணக்கே தேவையில்லை, நீரின் அளவைச் சொன்னால் போதும். ஆனால் அவை இயங்கக் குறைந்தபட்ச அழுத்தம் வேண்டும் என்பதைத் தாளில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சென்னையில் அறுவை அரங்குகளிலும் மருந்துத் தொழிற்சாலைகளிலும் ஈரத்தை எடுக்கக் காற்றைக் குளிர்வித்து, பிறகு சற்றே சூடாக்குகிறார்கள். அந்த வெந்நீர்க் காயிலுக்குத் தேவைப்படும் நீர் குறைவு, 32 மி.மீ. வால்வு அங்கே இன்னும் மோசமாக நடந்துகொள்ளும். அப்படி ஒரு வேலைக்கு விலைப்பட்டியல் வந்தால், வால்வின் விட்டத்தைப் பார்த்துக் கையெழுத்திடாதீர்கள். நீரின் அளவு, காயிலின் அழுத்த இழப்பு, வால்வின் Kvs ஆகிய மூன்று எண்களையும் ஒப்பந்ததாரரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.