கையெழுத்துக்கு முன் ஒரு கேள்வி

திண்டிவனத்தில் ஒரு வீடு, மாத வாடகை 6,000, அட்வான்ஸ் 50,000 என்று பேசி முடிகிறது என வைத்துக்கொள்வோம். கம்ப்யூட்டர் சென்டரில் அச்சடித்த நான்கு பக்க ஆங்கில ஒப்பந்தம் வருகிறது. பேனாவை எடுக்கும் முன், "அண்ணே, இதைத் தமிழ்லயே எழுதிக்கலாமா?" என்று கேட்கலாம். கட்டாயம் கேட்க வேண்டும்.

வாடகை ஒப்பந்தம் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 19ஆவது பிரிவின்படி, பதிவு அலுவலருக்குப் புரியாத, அந்த மாவட்டத்தில் வழக்கிலும் இல்லாத மொழியில் பத்திரம் இருந்தால்தான் மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும். திண்டிவனம் இருக்கும் விழுப்புரம் மாவட்டத்தில் தமிழ்ப் பத்திரத்துக்கு அந்தச் சிக்கலே கிடையாது. ஆங்கிலமும் அலுவலருக்குப் புரியும் என்பதால், அவர் மொழிபெயர்ப்பு கேட்கப்போவதில்லை. கேட்க வேண்டியவர் குடியேறுபவர்தான்.

அந்த நான்கு பக்கத்தில் என்ன இருக்கும்? முதலில் 'லீஸ்' என்ற சொல். நம்மூரில் லீஸ் என்றால் மொத்தத் தொகை கொடுத்து வாடகையின்றிக் குடியிருக்கும் போக்கியம். ஆங்கிலப் பத்திரத்தில் அது மாத வாடகைக்கும் பொருந்தும். அடுத்தது 'லாக்-இன்'. 11 மாதத்துக்கு முன் காலி செய்தால் மீதி மாத வாடகையை அட்வான்ஸில் கழிக்கலாம் என்று அதன்கீழ் எழுதியிருக்கக்கூடும். வேலை மாற்றலாகி ஐந்தாம் மாத முடிவில் கிளம்பினால் ஆறு மாத வாடகை 36,000 போய்விடும். கைக்கு வருவது 14,000.

தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையை அட்வான்ஸுக்கு வரம்பாக வைக்கிறது. இந்த வீட்டுக்கு அது 18,000. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு விதமாக ஒத்துக்கொண்டால் அந்த வரம்பு பொருந்தாது. 50,000 என்று எழுதிய தாளில் போடும் கையெழுத்தே அந்த ஒப்புதல். படிக்கவில்லை, புரியவில்லை என்று பிறகு சொல்வது பெரும்பாலும் எடுபடாது.

வீட்டுக்காரர் ஆங்கிலப் படிவத்தை விட மனமில்லாதவராக இருந்தால், தமிழ் நகல் ஒன்றைக் கேளுங்கள். இருவரும் கையெழுத்திடாத மொழிபெயர்ப்பு நீங்கள் படித்துப் புரிந்துகொள்ள மட்டுமே உதவும். ஆகவே இரண்டு பிரதியிலும் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்குங்கள். முரண் வந்தால் எந்த மொழிப் பிரதி செல்லும் என்று ஒரு வரியும் சேர்க்கச் சொல்லுங்கள். அந்த வரி ஆங்கிலப் பிரதிதான் செல்லும் என்றால், தமிழ் நகலின் தொகை, தேதி, நோட்டீஸ் காலம் மூன்றையும் பத்திர எழுத்தரிடமோ வக்கீலிடமோ காட்டி ஆங்கிலத்தோடு சரிபாருங்கள்.

2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை 90 நாளுக்குள் வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும். கையெழுத்தான 15 நாளுக்குள் ஓர் அசல் பிரதி உங்கள் கைக்கு வர வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. கேட்டு வாங்கி வையுங்கள்.