ஃபேட் கூடியது, விலை ஏன் குறைந்தது?

ஈரோடு மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் ஒருவர், தன் பால் கணக்குப் புத்தகத்தின் ஒரு பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பியிருந்தார். கீழே ஒரே ஒரு கேள்வி: “அண்ணா, சாயங்காலப் பாலுக்கு ஃபேட் அதிகமா இருக்கு, விலை மட்டும் காலையை விடக் கம்மியா போட்டிருக்காங்க. இது சரிங்களா?”

சரிதான். ஏன் சரி என்று சொல்ல, அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும். பால் ஊற்றும் பலர் புத்தகத்தில் அளவையும் கடைசியில் வரும் தொகையையும் மட்டுமே பார்க்கிறார்கள். நடுவில் இருக்கும் மூன்று கட்டங்களில்தான் மாட்டின் கதையும் பணத்தின் கதையும் இருக்கின்றன.

பக்கத்தில் ஒவ்வொரு வேளைக்கும் ஒரு வரி. தேதி, காலையா மாலையா, எத்தனை லிட்டர், கொழுப்பு, எஸ்.என்.எஃப், லிட்டர் விலை, தொகை. தராசு கிலோவில் காட்டும், புத்தகத்தில் லிட்டராக எழுதுவார்கள். ஒரு லிட்டர் பால் ஏறக்குறைய 1.03 கிலோ இருக்கும் என்பதால் தராசில் 5.36 என்று பார்த்தது புத்தகத்தில் 5.2 ஆகிவிடும். புதிதாக வருபவர்களுக்கு முதல் சந்தேகம் இங்கேயே வரும். யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, அலகுதான் மாறியிருக்கிறது.

கொழுப்பு என்றால் வெண்ணெயாகத் திரளும் பகுதி. இதை எல்லோரும் ஃபேட் என்றே சொல்கிறார்கள். எஸ்.என்.எஃப் என்பது கொழுப்பையும் தண்ணீரையும் கழித்தபின் பாலில் மிஞ்சும் புரதம், பால் சர்க்கரை, தாது உப்புகள். ‘இதர சத்து’ என்று அரசு அறிவிப்புகளில் வருவது இதுதான். பசும்பாலில் கொழுப்பு நாலு சதவீதத்தை ஒட்டி இருந்தால் இதர சத்து எட்டு சதவீதத்தை ஒட்டி, அதாவது இரண்டு மடங்கு இருக்கும். ஆனாலும் சங்கத்து வாசலில் நடக்கும் பேச்சு முழுக்க ஃபேட்டைப் பற்றியே. விலையில் பெரும்பங்கு போடும் கட்டத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இனி அந்த இரண்டு வரிகளுக்கு வருவோம். 11ஆம் தேதி காலை 5.2 லிட்டர், கொழுப்பு 4.1, எஸ்.என்.எஃப் 8.4, விலை 34.94, தொகை 181.69. அன்று மாலை 3.8 லிட்டர், கொழுப்பு 4.6, எஸ்.என்.எஃப் 7.7, விலை 34.55, தொகை 131.29.

அவருடைய சங்கத்தின் விலைப்பட்டியலில் கொழுப்பு 4.3, எஸ்.என்.எஃப் 8.2 உள்ள பாலுக்கு லிட்டர் 35 ரூபாய். அங்கிருந்து கொழுப்பு ஒரு பாயிண்ட் ஏறினால் 30 காசு கூடும், இறங்கினால் 30 காசு குறையும். எஸ்.என்.எஃப்புக்கு ஒரு பாயிண்ட்டுக்கு 27 காசு. ஒரு பாயிண்ட் என்றால் 0.1. உங்கள் சங்கத்தில் இந்தக் காசுக் கணக்கு வேறாக இருக்கலாம். அளவு குறைந்தால் கூடுதலாகப் பிடிக்கும் பட்டியல்களும் உண்டு. போடும் முறை இதேதான்.

காலைப் பாலில் கொழுப்பு 4.3க்கு இரண்டு பாயிண்ட் குறைவு, எனவே 60 காசு போயிற்று. எஸ்.என்.எஃப் இரண்டு பாயிண்ட் அதிகம், 54 காசு வந்தது. 35லிருந்து ஆறு காசு குறைந்து 34.94. மாலைப் பாலில் கொழுப்பு மூன்று பாயிண்ட் அதிகம், 90 காசு லாபம். ஆனால் எஸ்.என்.எஃப் ஐந்து பாயிண்ட் குறைவு, 1 ரூபாய் 35 காசு நஷ்டம். நிகரமாக 45 காசு இறங்கி 34.55. ஃபேட் கொடுத்ததை எஸ்.என்.எஃப் வாங்கிக்கொண்டுவிட்டது.

மாலையில் கொழுப்பு கூடுவது இயல்பு. மாலையிலிருந்து மறுநாள் காலை வரை நீண்ட இடைவெளி இருப்பதால் காலையில் பால் அதிகம், கொழுப்பு கொஞ்சம் குறைவு. காலைக்கும் மாலைக்கும் நடுவே நேரம் குறைவு என்பதால் மாலையில் பால் குறைவு, கொழுப்பு கூடுதல். எஸ்.என்.எஃப் ஒரே நாளில் ஏழு பாயிண்ட் இறங்கியதுதான் விசாரிக்க வேண்டிய விஷயம்.

அவருடைய சங்கத்தில் கொழுப்பை மெஷினில் பார்க்கிறார்கள், எஸ்.என்.எஃப்பை லாக்டோமீட்டர் டிகிரியிலிருந்து கணக்கிடுகிறார்கள். டிகிரியை நாலால் வகுத்து, அதோடு கொழுப்பில் ஒரு சிறு பங்கையும் ஒரு நிலையான எண்ணையும் கூட்டுவார்கள். ஆகவே லாக்டோமீட்டர் ஒரு டிகிரி குறைவாகக் காட்டினால் எஸ்.என்.எஃப் கால் சதவீதம் இறங்கும். இரண்டரை பாயிண்ட், லிட்டருக்கு 67 காசு. கறந்த சூட்டோடு, நுரையோடு கொண்டுபோன பாலில் லாக்டோமீட்டரைப் போட்டால் அது ஆழமாக அமிழ்ந்து குறைவாகத்தான் காட்டும். பால் சூட்டுக்குத் தகுந்தபடி டிகிரியைத் திருத்திப் போட வேண்டும். கூட்டம் நெரியும் நேரத்தில் அந்தத் திருத்தம் விட்டுப்போவதுண்டு.

“அன்னிக்கு சொசைட்டி பக்கத்துலயே கறந்து, அப்படியே ஊத்திட்டு வந்துட்டேனுங்க அண்ணா” என்றார். அது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் நாலைந்து நாளாக இரண்டு வேளையும் எஸ்.என்.எஃப் எட்டுக்குக் கீழேயே நின்றால் லாக்டோமீட்டரைக் குறை சொல்லக் கூடாது. அப்போது மாட்டைப் பார்க்க வேண்டும். தீவனம் போதாத மாட்டுக்கு எஸ்.என்.எஃப் இறங்கும். மடிநோய் தொடங்கினாலும் இறங்கும். காம்பில் கட்டியோ சூடோ தெரிவதற்கு முன்னால் இந்தக் கட்டத்தில் தெரிந்துவிடுவதுகூட உண்டு.

அதே பக்கத்தில் அவர் கேட்காத இன்னொரு வரி என் கண்ணில் பட்டது. 14ஆம் தேதி காலை, 4.9 லிட்டர். கொழுப்பைப் பேனாவால் எழுதியிருந்ததில் 3.8ஆ 3.3ஆ என்று படத்தில் தெரியவில்லை. இப்படி மங்கலான இடத்தில் விலைக் கட்டத்தை வைத்துப் பின்னோக்கிப் போகலாம். எஸ்.என்.எஃப் 8.4, விலை 32.54 என்று தெளிவாக இருந்தது. கொழுப்பு 3.8 என்றால் ஐந்து பாயிண்ட் குறைவு, விலை 34.04 வந்திருக்க வேண்டும். 3.3 என்றால் பத்து பாயிண்ட் குறைவு, மூன்று ரூபாய் போய் 54 காசு சேர்ந்து 32.54. ஆக, எழுதியவர் 3.3 என்றுதான் எழுதியிருக்கிறார். தொகை 159.45 என்பதும் பொருந்துகிறது.

எஸ்.என்.எஃப் அப்படியே இருக்க, கொழுப்பு மட்டும் இப்படிச் சரிந்தால் தண்ணீர்ப் பேச்சுக்கே இடமில்லை. தண்ணீர் சேர்ந்திருந்தால் இரண்டும் சேர்ந்து இறங்கும். கொழுப்பு மட்டும் போனால் கறவையையோ மாதிரி எடுத்த விதத்தையோதான் பார்க்க வேண்டும். மடியிலிருந்து முதலில் வரும் பால் நீர்த்தது. கடைசியில் வருவதில்தான் கொழுப்பு அதிகம். அன்று என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். “வேலைக்குப் போற அவசரத்துல பாதியில நிறுத்திட்டு, கன்னுக்குட்டிய அவுத்து விட்டுட்டோமுங்க” என்றார். விஷயம் அதுதான். அன்றைய நெய்யைக் கன்று குடித்துவிட்டது. கன்றுக்குப் பால் விட வேண்டியதுதான். முதல் பாலை விட்டால் அதற்கும் வயிறு நிறையும், புத்தகத்திலும் அடி விழாது. கறவையில் பிசகில்லை என்றால் மாதிரி எடுப்பதைக் கவனியுங்கள். கேன் சிறிது நேரம் நின்றாலே கொழுப்பு மேலே வரத் தொடங்கும். நன்றாகக் கலக்காமல் அடியிலிருந்து எடுத்த மாதிரியில் ஃபேட் குறைவாகவே வரும்.

தண்ணீர் என்று பேச்சு வந்ததால் அந்தக் கணக்கையும் போட்டுவிடலாம். 4.1 கொழுப்பும் 8.4 எஸ்.என்.எஃப்பும் உள்ள 5.3 லிட்டர் பாலுக்கு இந்தப் பட்டியலில் 185 ரூபாய் 18 காசு. அதில் 600 மில்லி தண்ணீர் சேர்த்தால் 5.9 லிட்டர் ஆகும், கொழுப்பு 3.7, எஸ்.என்.எஃப் 7.5 ஆகும், விலை 31.31 ஆகும். தொகை 184 ரூபாய் 73 காசு. ஊற்றியவருக்கு 45 காசு நஷ்டம். சங்கம் விலை கொடுப்பது பாலில் உள்ள சத்துக்கு. இவ்வளவு இறங்கிய பாலைச் செயலாளர் திருப்பி அனுப்பவும் கூடும்.

பக்கத்தின் அடியில் பட்டுவாடா வரி. பத்து நாளைக்கு மொத்தம் 91 லிட்டர், பால் பணம் 3,130.40. பிடித்தம்: மாட்டுத் தீவனம் 1,200, பங்குத் தொகை 100. வங்கிக் கணக்குக்குப் போனது 1,830.40. தீவனத்தைக் கடனாக எடுத்தால் பால் பணத்தில் கழித்துக்கொள்வது சங்கங்களில் வழக்கம். மாட்டுக் கடன் இருந்தால் தவணையும் இங்கேயே பிடிப்பார்கள். பிடித்தம் ஒவ்வொன்றும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெறுமனே ‘பிடித்தம் 1,300’ என்றிருந்தால் விவரம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

“பேப்பர்ல 38 ரூபாய்னு போட்டிருந்தாங்களே அண்ணா?” என்றும் கேட்டார். ஆவின் பசும்பால் கொள்முதல் விலை 2022 நவம்பரில் 32 ரூபாயிலிருந்து 35 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2023 டிசம்பரில் லிட்டருக்கு மூன்று ரூபாய் ஊக்கத்தொகை அறிவிக்கப்பட்டது. இரண்டையும் கூட்டித்தான் 38 என்று பேசுகிறார்கள். ஊக்கத்தொகை லிட்டர் விலைக் கட்டத்தில் வராது. அவருடைய 91 லிட்டருக்கு அது 273 ரூபாய். அவர் சங்கத்தில் அதைத் தனி வரியாக எழுதுகிறார்கள், பால் பணத்தோடு ஒரே நாளில் வர வேண்டும் என்பதில்லை. வரவில்லை என்று முடிவுகட்டும் முன் வங்கிப் புத்தகத்தில் தனியாக வரவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

படமெடுத்து வைக்கும் பழக்கம் நல்லதுதான். மேலே உள்ள தலைப்பு வரியும் உறுப்பினர் எண்ணும் படத்தில் விழட்டும். இல்லாவிட்டால் எந்தக் கட்டம் எது என்று பின்னால் தெரியாது. பிறருக்கு அனுப்பும்போது வங்கிக் கணக்கு எண்ணை மறைத்துவிடுங்கள். அளவிலோ ஃபேட்டிலோ சந்தேகம் வந்தால் பால் ஊற்றிய இடத்திலேயே, மாதிரி கையில் இருக்கும்போதே, இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள். பட்டுவாடா நாளில் போய்க் கேட்டால் பெருக்கலையும் கூட்டலையும் பிடித்தத்தையும் சரிபார்த்துத் திருத்த முடியும். ஆனால் 14ஆம் தேதி காலைப் பாலில் கொழுப்பு எவ்வளவு இருந்தது என்று அன்றைக்கு யாராலும் மறுபடி அளந்து சொல்ல முடியாது.