இன்டர்வியூ முடிந்தபின் அனுப்பும் இரண்டு வரி

மென்பொருள் நிறுவனத்தில் டீம் லீடாக இருப்பவர், ஆள் எடுக்கும் காலத்தில் வாரத்துக்கு ஏழெட்டுப் பேரையாவது இன்டர்வியூ செய்ய வேண்டியிருக்கும். அவர்களில் பாதிப் பேர் அன்று மாலையே லிங்க்ட்இன்னில் அவரைத் தேடிப் பிடித்து அழைப்பு அனுப்பிவிடுகிறார்கள். அதே பட்டியலில் காப்பீட்டு முகவர், பயிற்சி மையக்காரர், கல்லூரி ஜூனியர், யாரென்றே தெரியாத நாலு பேர் எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். டீம் லீடின் கண்ணில் படுவது ஒரு சின்னப் புகைப்படம், பெயர், பெயருக்குக் கீழே ஒரு வரி, அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை வீடியோ காலில் முக்கால் மணி நேரம் பேசிய கார்த்திக் இவரா, வேறொரு கார்த்திக்கா? யோசிக்க அவருக்கு நேரமில்லை, தள்ளிவிட்டுப் போய்விடுவார்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் அழைப்போடு ஒரு குறிப்பு எழுதச் சொல்கிறார்கள். பலர் எழுதாமல் விடுவதற்குச் சோம்பல் மட்டும் காரணமில்லை, செயலியின் அமைப்பும் ஒரு காரணம். கணினியில் Connect என்பதை அழுத்தினால் Add a note, Send without a note என்று இரண்டு வழி காட்டும். செல்போனில் அப்படிக் கேட்கும் என்று நம்ப முடியாது. ‘உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்’ என்று காட்டும் பட்டியலில் விரல் பட்டால், குறிப்பில்லாமலே அழைப்பு கிளம்பிவிடும். போன அழைப்பில் பிறகு எதையும் சேர்க்க முடியாது. திரும்பப் பெற்றுக்கொண்டு மறுபடி அனுப்பலாமே என்றால், திரும்பப் பெற்றபின் அதே நபருக்கு மூன்று வாரம் வரை அழைப்பு அனுப்ப லிங்க்ட்இன் விடாது. ஆகவே இந்த ஒரு வேலைக்கு மட்டுமாவது கணினி முன் உட்காருவது நல்லது. இன்டர்வியூ எடுத்தவரின் பக்கத்துக்கே போய், அதே நிறுவனம், அதே பதவிதானா என்று சரிபார்த்துவிட்டு அனுப்ப வேண்டும். சிலர் பக்கத்தில் Follow என்ற பொத்தான்தான் முன்னால் நிற்கும். Connect என்பது More என்பதற்குள் ஒளிந்திருக்கும்.

இலவசக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு லிங்க்ட்இன் இப்போது மாதத்துக்குச் சில குறிப்புகளைத்தான் அனுமதிக்கிறது. ஒவ்வொன்றும் 200 எழுத்துக்குள் முடிய வேண்டும். காசு கட்டுபவர்களுக்கு 300. இடைவெளியும் புள்ளியும்கூட இந்தக் கணக்கில் வரும். தமிழில் எழுதினால் இடம் இன்னும் சீக்கிரம் தீரும். ‘நன்றி’ என்பதை நாம் மூன்று எழுத்தாக எண்ணுவோம். கணினி புள்ளியையும் கொக்கியையும் தனித்தனியாக எண்ணி ஐந்தென்று வைத்துக்கொள்ளும். கிடைக்கும் சில குறிப்புகளை யார் யாருக்கோ செலவழிக்காமல், நேரில் பேசியவர்களுக்கென்று ஒதுக்கி வைப்பதுதான் கெட்டிக்காரத்தனம்.

என்ன எழுதுவது? சென்னையில் ஒரு நிறுவனத்தில் சாஃப்ட்வேர் டெஸ்டர் வேலைக்கு இன்டர்வியூ கொடுத்த ஓர் இளைஞரை வைத்துப் பார்ப்போம். இன்டர்வியூ எடுத்தவர் ஒரு பெண் டீம் லீட். ‘செயலியில் பணம் கட்டும்போது நெட் நின்றுவிட்டது. வாடிக்கையாளர் மறுபடி அழுத்துகிறார். பணம் இரண்டு முறை போய்விட்டது. இதை எப்படி டெஸ்ட் செய்வீர்கள்?’ என்று அவர் கேட்டிருக்கிறார். இளைஞர் பாதி பதில் சொன்னார்; வீட்டுக்கு வந்தபின்தான் மீதி தோன்றியது.

அவர் முதலில் எழுதியது இப்படி: ‘வணக்கம் மேடம், உங்கள் தொழில்முறை வலைப்பின்னலில் இணைய விரும்புகிறேன்.’ இதை யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். எழுதியதும் எழுதாததும் ஒன்றுதான்.

அடுத்தது: ‘மேடம், செவ்வாய்க்கிழமை இன்டர்வியூவுக்கு வந்திருந்தேன். ரிசல்ட் எப்போது தெரியும்? இந்த வேலை எனக்கு மிகவும் தேவை.’ யார் என்று தெரிந்துவிட்டது, உண்மைதான். ஆனால் இதை ஏற்றுக்கொண்டால் பதிலும் சொல்லியாக வேண்டும், அதைச் சொல்லும் அதிகாரம் பெரும்பாலும் டீம் லீடிடம் இருக்காது. சங்கடத்தைத் தவிர்க்க அவர் அழைப்பையே தொடாமல் விட்டுவிடுவார். முடிவைக் கேட்க வேண்டிய இடம் எச்.ஆர்.தான்.

மூன்றாவதாக எழுதியது சரியாக வந்தது: ‘வணக்கம் மேடம், செவ்வாய்க்கிழமை டெஸ்டர் வேலைக்கு உங்களிடம் இன்டர்வியூ கொடுத்தேன். இரண்டு முறை பணம் போன அந்தக் கேள்வி இன்னும் மனதில் ஓடுகிறது. நன்றி. தொடர்பில் இருக்க விரும்புகிறேன்.’ ஆங்கிலத்தில் எழுதினால் இது 200 எழுத்துக்குள் தாராளமாக அடங்கும். எந்த நாள், எந்த வேலை என்பது முதல் வரியிலேயே வந்துவிடுகிறது. அந்தக் கேள்வியைப் படித்ததும் அவருக்கு முகம் ஞாபகம் வரும், ஏனென்றால் கேட்டவர் அவரேதான். எதையும் கேட்காததால் ஏற்றுக்கொள்ளவும் தயக்கமிருக்காது.

விட்டுப்போன மீதி பதிலை இந்தக் குறிப்பிலேயே சொல்லிவிட வேண்டும் என்று கை துறுதுறுக்கும். வேண்டாம். பணப் பரிவர்த்தனை எண், மறுமுயற்சி என்று 200 எழுத்துக்குள் திணித்தால் அதுவும் அரைகுறையாகத்தான் நிற்கும். நன்றி சொல்லி எச்.ஆருக்கு ஒரு மெயில் போடும்போது அதில் இரண்டு வாக்கியம் எழுதி, டீம் லீடுக்குத் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்ளலாம். மேடம் என்பதா, பெயர் சொல்வதா என்ற சந்தேகத்துக்கும் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. இன்டர்வியூவில் எப்படிக் கூப்பிட்டீர்களோ அப்படியே எழுதுங்கள். ஒரே நேரத்தில் நாலு நிறுவனங்களுக்குப் போய்வருபவர்கள் பழைய குறிப்பை நகலெடுத்து ஒட்டுவதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். வேறொரு நிறுவனத்தின் பெயரோடு போன குறிப்பைவிட வெற்று அழைப்பே மேல்.

எப்போது அனுப்புவது என்பதில் ஆளுக்கு ஒரு கருத்து உண்டு. என்னைக் கேட்டால், மறுநாள். கால் முடிந்த ஐந்தாவது நிமிடம் போனால் அவசரமாகத் தெரியும்; ஒரு வாரம் கழித்துப் போனால் இடையில் அவர் இன்னும் ஏழெட்டுப் பேரைப் பார்த்திருப்பார். முடிவு வரும்வரை எந்த விண்ணப்பதாரரின் அழைப்பையும் ஏற்பதில்லை என்று வழக்கம் வைத்திருக்கும் இன்டர்வியூக்காரர்களும் இருக்கிறார்கள். அதனால் உங்கள் பக்கத்தில் Pending என்றே நாள்கணக்கில் நின்றாலும், தோற்றுவிட்டோம் என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. அவர் நிராகரித்தாலும் லிங்க்ட்இன் உங்களுக்கு அதைச் சொல்லாது. ஏற்றுக்கொண்டுவிட்டால் உடனே ஒரு மெசேஜ் தட்டாதீர்கள். மௌனமாக இருப்பதில் தவறே இல்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இந்தக் குறிப்பால் வேலை கிடைக்காது. உங்களைப் பற்றிய மதிப்பீட்டைப் பெரும்பாலும் அன்றைக்கே அவர் எழுதிக் கொடுத்திருப்பார். பலன் வருவதென்றால் பிறகுதான் வரும். அவர் ஒருநாள் வேறு நிறுவனத்துக்கு மாறி, ‘டெஸ்டர் வேண்டும்’ என்று பதிவிட்டால் அது உங்கள் பார்வைக்கு வர வாய்ப்புண்டு. காசு கட்டாமலே அவருக்கு நேராக மெசேஜும் அனுப்பலாம். இந்தக் கணக்கில் பார்த்தால், தேர்வாகாமல் போனவருக்குத்தான் இந்தத் தொடர்பு கூடுதலாக உதவும். ‘இம்முறை அமையவில்லை, பேசியதற்கு நன்றி’ என்று முடிவு வந்தபின் அனுப்பும் குறிப்பில் எந்த எதிர்பார்ப்பும் தொனிக்காது. அதை ஏற்பவருக்கும் சங்கடம் இல்லை.

இதெல்லாம் தனியார் நிறுவனங்களுக்குத்தான். டி.என்.பி.எஸ்.சி., யு.பி.எஸ்.சி., அரசு வங்கித் தேர்வு என்றால் விதியே வேறு. சிபாரிசு தேடினாலோ தேர்வாளர்களிடம் ஆதரவு திரட்ட முயன்றாலோ தகுதி பறிபோகும் என்று இத்தகைய அறிவிக்கைகளில் எழுதியே இருக்கும். நேர்முகத் தேர்வுக் குழுவில் இருந்தவரின் பெயர் உங்களுக்குத் தெரிந்திருந்தாலும், இறுதிப் பட்டியல் வெளியாகும்வரை அவருக்கு அழைப்போ குறிப்போ எதுவும் அனுப்பாதீர்கள்.