லிங்க் அதேதான், கோப்பு புதுசு

செம்பரம்பாக்கம் ஏரியின் முழு நீர்மட்டம் 24 அடி. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த அடையாற்றுக் கரையோர மக்கள், ஒவ்வொரு மழைக்காலத்திலும் அந்த 24-ஐ எட்ட இன்னும் எவ்வளவு பாக்கி என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். தன்னார்வலர்கள் சிலர் சேர்ந்து, சென்னை ஏரிகளின் நீர்மட்டத்தை வரைபடங்களாக்கி, `lake.html` என்ற ஒரே கோப்பில் அடக்கி, தங்கள் சர்வரில் போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். லிங்க் வாட்ஸ்அப் குழுக்களுக்குப் போய்விட்டது. குடியிருப்புகளின் அறிவிப்புப் பலகையில் க்யூஆர் கோடாகவும் ஒட்டியாகிவிட்டது. தினமும் காலையில் புதுக் கணக்கோடு புதுக் கோப்பு தயாராகிறது. இனி அந்த லிங்க்கைத் தொட முடியாது. அதன் பின்னால் இருக்கும் கோப்பை மட்டும்தான் மாற்றலாம்.

முதலில் பார்க்க வேண்டியது, அந்த லிங்க் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதை. கூகுள் டிரைவில் லிங்க்குக்குள் இருப்பது கோப்பின் பெயர் அல்ல, டிரைவ் கொடுத்த நீளமான அடையாள எண். ஒரே ஃபோல்டரில் ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருந்தாலும் டிரைவுக்குக் குழப்பம் இல்லை. அதனால் பழையதை அழித்துவிட்டு அதே பெயரில் புதிதாக ஏற்றினால் எண் மாறும், லிங்க் செத்துப்போகும். அங்கே `Manage versions` வழியாகப் புதுப் பதிப்பை ஏற்ற வேண்டும். சொந்த சர்வரில் நிலைமை நேரெதிர். அங்கே லிங்க் பிடித்திருப்பது பெயரை மட்டும்தான். `lake.html` என்ற பெயரில் எந்தக் கோப்பு இருந்தாலும் சர்வர் அதை எடுத்துக் கொடுத்துவிடும்.

அப்படியானால் புதுக் கோப்பை அதே பெயரின் மேல் ஏற்றினால் வேலை முடிந்ததா? பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். பெரும்பாலான நாட்களில் ஒன்றும் ஆவதில்லை. ஆனால் நேரடியாக மேலே எழுதும்போது, பல ஏற்றும் கருவிகள் முதலில் பழைய கோப்பைச் சுத்தமாகக் காலி செய்கின்றன. பிறகுதான் புதியது கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வருகிறது. கோப்பு 2 எம்பி, வீட்டு இணைய இணைப்பு நொடிக்கு 50 கேபி ஏற்றுகிறது என்றால் சுமார் 40 நொடி ஆகும். அந்த 40 நொடிக்குள் லிங்க்கைத் தட்டியவருக்கு அரைக் கோப்புதான் கிடைக்கும். சர்வர் அந்த நேரத்தில் இருக்கும் அளவையே முழு அளவாக எடுத்துக்கொண்டு, எல்லாம் சரி என்ற 200 குறியீட்டோடு அனுப்பிவிடுகிறது. பதிவேட்டில் தேடினாலும் பிழை தெரியாது. பார்ப்பவரின் திரையில்தான் தெரியும்: தலைப்பு வரும், கீழே வரைபடங்கள் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும். பக்கத்தின் மூலத்தைத் திறந்து கடைசிக்குப் போனால் `</html>` இருக்காது.

இதற்குத் தீர்வு, வேறு பெயரில் முழுதாக ஏற்றி முடித்துவிட்டு, கடைசியில் பெயரை மட்டும் மாற்றுவது. `.lake.new` என்று ஏற்றியாயிற்று என்றால், சர்வரில் அதே ஃபோல்டரில் நின்று இரண்டே வரி:

```
chmod 644 .lake.new
mv -f .lake.new lake.html
```

லினக்ஸில் கோப்பின் பெயரும் உள்ளடக்கமும் தனித்தனி. பெயர் என்பது வாசலில் மாட்டிய கதவு எண் போல. `mv` செய்வது அந்த எண்ணைப் பழைய வீட்டிலிருந்து கழற்றிப் புது வீட்டில் மாட்டுவது. இது ஒரே நொடிப்பொழுதில், பிரிக்க முடியாத ஒற்றைச் செயலாக நடக்கிறது. மாற்றத்துக்கு முன் வந்தவருக்கு முழுப் பழைய கோப்பு, பின் வந்தவருக்கு முழுப் புதிய கோப்பு. பழையதைப் பாதி இறக்கிக்கொண்டிருந்தவருக்குக்கூட மீதிப் பழையது கடைசிவரை வந்து சேரும், ஏனென்றால் யாராவது திறந்து வைத்திருக்கும் வரை அந்த உள்ளடக்கத்தை லினக்ஸ் அழிப்பதில்லை.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு பெயர்களும் ஒரே கோப்பு முறைமையில், அதாவது டிஸ்க்கின் ஒரே பகுதியில் இருக்க வேண்டும். `/tmp` போன்ற இடத்தில் ஏற்றிவிட்டு `mv` கொடுத்தால், அது பல சர்வர்களில் வேறு பகுதி என்பதால், அதே கட்டளை சத்தமில்லாமல் நகலெடுத்து அழிக்கும் வேலையாகிவிடுகிறது. பழைய ஆபத்து திரும்பி வந்துவிடும். முதல் வரியிலுள்ள `chmod`-ஐயும் விடக் கூடாது. தற்காலிகக் கோப்புகள் பெரும்பாலும் உரிமையாளர் மட்டுமே படிக்கும்படி உருவாகின்றன. அப்படியே பெயர் மாற்றினால் ஊருக்கே 403 தெரியும்.

இத்தனையும் சரியாகச் செய்த பிறகும் குழுவில் ஒருவர், “அண்ணா, எனக்கு இன்னும் நேத்து அளவுதான் காட்டுது” என்பார். சர்வரில் பழையது இல்லை. அவருடைய பிரவுசரில் இருக்கிறது.

எவ்வளவு நேரம் வைத்துக்கொள்ளலாம் என்று சர்வர் சொல்லாவிட்டால், பிரவுசர் தானாகவே ஒரு கணக்குப் போட்டுக்கொள்கிறது. 2022-ல் வெளியான ஆர்எஃப்சி 9111 குறிப்பிடும் வழக்கமான அளவு 10 சதவீதம்: கோப்பு கடைசியாக மாறி எவ்வளவு காலம் ஆயிற்றோ, அதில் பத்தில் ஒரு பங்கு நேரம் சர்வரைக் கேட்காமலே பழைய நகலைக் காட்டலாம். தினமும் மாறும் கோப்பில் இது இரண்டரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் கோடையில் புதுப்பிப்பதை நிறுத்தி, 60 நாள் யாரும் தொடாத கோப்பை ஒருவர் பார்த்திருந்தால், அவருடைய பிரவுசர் அதை 6 நாள் வரை புதியதாகவே நினைத்துக்கொள்ளலாம். அந்த 6 நாளில் மழை தொடங்கிவிட்டால், அவர் பார்ப்பது வறண்ட ஏரி. நீண்ட நாள் சும்மா கிடந்த கோப்பை மாற்றும்போதுதான் இது மோசமாகக் கடிக்கிறது, நமக்கும் அப்போதுதான் சந்தேகமே வராது.

என்ஜின்எக்ஸ் சர்வரில் இதற்கு ஒரு வரி போதும்:

```
location = /lake.html {
    add_header Cache-Control "no-cache";
}
```

`no-cache` என்றால் சேமிக்காதே என்று பொருளில்லை. சேமித்து வைத்துக்கொள், ஆனால் காட்டுமுன் ஒவ்வொரு முறையும் என்னைக் கேள் என்கிறது சர்வர். பிரவுசர் தன்னிடமுள்ள நகலின் `ETag` அடையாளத்தை அனுப்புகிறது. அது மாறவில்லை என்றால் உள்ளடக்கமே இல்லாத 304 பதில் வருகிறது; மாறியிருந்தால் 2 எம்பியும் புதிதாக வருகிறது. டேட்டா வீணாகாது, பழையதும் ஏமாற்றாது.

இதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது, கண்டுபிடிக்க மிகக் கடினமானது. என்ஜின்எக்ஸ் இந்த அடையாளத்தை உள்ளடக்கத்தைப் படித்து உருவாக்குவதில்லை. கோப்பு மாறிய நேரம், அளவு இரண்டையும் சேர்த்து எழுதிவிடுகிறது. நேற்று 21.30 அடி, இன்று 21.85. இலக்கங்களின் எண்ணிக்கை ஒன்றே, ஆக அளவும் ஒன்றே. கோப்பைத் தயாரிக்கும் நிரல் நேரத்தையும் ஒரே நிலையான தேதியாக முத்திரையிட்டால் அடையாளம் மாறவே மாறாது. சர்வர் தினமும் 304 சொல்லிக்கொண்டிருக்கும். `rsync`-உம் வழக்கமாக இதே இரண்டை வைத்துத்தான் ஒப்பிடுகிறது. அப்படிப்பட்ட கோப்பை அது ஏற்றாமலே தாண்டிவிடும். ஒவ்வொரு முறை மாற்றியதும் இதைப் போட்டுப் பார்ப்பது நல்லது:

```
curl -I https://example.org/lake.html
```

வரும் பதிலில் `Last-Modified`, `ETag` இரண்டும் நேற்றையதிலிருந்து மாறியிருக்க வேண்டும். மாறவில்லை என்றால், ஏற்றுவதற்கு முன் கோப்பின் மேல் `touch` கொடுத்து நேரத்தைப் புதுப்பித்தால் போதும்.

சர்வரில் செய்யும் எந்தத் திருத்தமும் எட்டாத இடங்களும் உண்டு. `no-cache` வரியைச் சேர்ப்பதற்கு முன்பே பழைய நகலை எடுத்துக்கொண்ட பிரவுசர், தன் கெடு முடியும் வரை நம்மைக் கேட்காமல் இருக்கலாம். அதனால் அந்த வரி லிங்க்கைப் பகிரும் முதல் நாளே இருக்க வேண்டும். நேற்றிரவு திறந்து மூடாமல் விட்ட டேப் தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. ஆகவே ஏரியின் அளவுக்குப் பக்கத்திலேயே, அதே எழுத்தளவில், அது எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு எடுத்த அளவு என்பதையும் கோப்பிலேயே அச்சிட வேண்டும்.