ஒரு மையவிலக்கி, ஒரு பி.எச். மீட்டர்: முதல்வருக்கு எப்படி எழுதுவது?

"மாணவர் நலன் கருதி ஒரு மையவிலக்கியும் ஒரு பி.எச். மீட்டரும் வாங்கித் தருமாறு வேண்டுகிறேன்." வேதியியல் ஆசிரியர் முதல்வருக்கு எழுதும் கோரிக்கை இந்த ஒற்றை வரியோடு நின்றுவிட்டால், வணிகவியலோ வரலாறோ படித்து வந்த முதல்வருக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. ஆய்வகத்தில் இன்று எந்தச் சோதனை சரியாக நடக்கவில்லை என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். கருவியின் பெயர் அதற்குப் பிறகு வந்தால் போதும்.

உப்புப் பகுப்பாய்வை எடுத்துக்கொள்வோம். கரைசலில் அம்மோனியம் குளோரைடும் அம்மோனியாவும் சேர்த்ததும், அலுமினியம் இருந்தால் வெள்ளையாகக் கூழ் போன்ற வீழ்படிவு வரும். இந்தக் கூழ் வடிதாளின் துளைகளை அடைத்துவிடும். நீர் சொட்டுச் சொட்டாக இறங்க, மாணவர் புனலைப் பார்த்தபடி நிற்பார். மணி அடிக்கப்போகிறதே என்று வீழ்படிவைச் சரியாகக் கழுவாமல் அடுத்த படிக்குப் போவார். அதில் ஒட்டியிருந்த அயனிகள் பின்னால் வரும் சோதனையில் தலைகாட்டி, இல்லாத உலோகத்தை இருப்பதாகச் சொல்லவைக்கும்.

மையவிலக்கியில் இதே வேலை இரண்டு மூன்று நிமிடத்தில் முடியும். அச்சிலிருந்து 10 செ.மீ. தள்ளி இருக்கும் குழாயை நிமிடத்துக்கு 3,000 முறை சுழற்றினால், அதன் மேல் புவியீர்ப்பைப் போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு விசை விழும். வீழ்படிவு அடியில் இறுகிவிடும். மேலே தெளிந்த நீரைத் துளிக்குழாயால் எடுத்துவிடலாம். ஒன்றிரண்டு மில்லிலிட்டர் கரைசலே போதும் என்பதால் வேதிப்பொருள் செலவும் கழிவும் குறையும். முதல்வருக்கு இந்தக் கணக்கை அவசியம் காட்ட வேண்டும்.

பாதுகாப்புக்கும் அதே கணக்குத்தான். எதிரெதிர்க் குழாய்களின் எடையில் ஒரு கிராம் வித்தியாசம் இருந்தால், ஒரு கிலோ அளவுக்கு இழுப்பு ஏற்பட்டு, அது நொடிக்கு 50 முறை திசை மாறிக்கொண்டே இருக்கும். கருவி அதிரும், மேசையில் நகரும், குழாய் உடையும். ஒரே ஒரு குழாய்தான் சுழற்ற வேண்டும் என்றாலும் எதிரில் அதே எடைக்கு நீர் நிரப்பிய குழாய் வைத்தே ஆகவேண்டும். சுழலும்போது மூடி திறக்காத பூட்டு உள்ள கருவியைத்தான் கேட்க வேண்டும். சில ஆயிரம் ரூபாய் குறைகிறதென்று இதை விடக் கூடாது.

பி.எச். மீட்டரின் தேவை வேறு. 20 மி.லி. அசிட்டிக் அமிலத்தை அதே செறிவுள்ள (0.1 மோலார்) சோடியம் ஹைட்ராக்சைடால் தரம் பார்க்கிறோம். பினால்ப்தலீன் நிறம் மாறினால் முடிவுப்புள்ளி தெரியும், அவ்வளவுதான். மீட்டர் இருந்தால் நடுவில் நடப்பதையும் காணலாம். 10 மி.லி. சேர்த்த இடத்தில் பி.எச். 4.76 அருகே நிற்கும். அமிலத்தின் வலிமையைக் குறிக்கும் எண்ணும் அதுதான். 19.9 மி.லி.யில் 7 ஆக இருக்கும் அளவு, நாலைந்து சொட்டு கழித்து 20.1 மி.லி.யில் 10.4 ஆகிவிடும். மாணவர் இந்த வளைவைத் தம் கையால் வரைய வேண்டும். பி.எச். தாளின் நிறத்தைப் பார்த்து அதை வரைய முடியாது.

"ஒன்று போதுமா?" என்று முதல்வர் கேட்பார். மூன்று மணி நேர வகுப்பில் 24 மாணவர்கள் என்று வைத்துக்கொள்வோம். நால்வர் கொண்ட குழு ஒரு தரம்பார்த்தலை முடிக்க 40 நிமிடம் ஆகும். 12 பேர் மூன்று குழுவாக மீட்டரைப் பயன்படுத்தும்போது, மீதி 12 பேர் எட்டுக் குழாய் மையவிலக்கியில் இரண்டு சுற்றாக உப்பைப் பார்ப்பார்கள். அடுத்த வாரம் இடம் மாறிக்கொள்வார்கள். இரண்டு கருவிகளையும் சேர்த்துக் கேட்பதற்குக் காரணம் இதுவே.

பெரும்பாலான கோரிக்கைகள் விட்டுவிடுவது மின்முனையை. மீட்டர் பெட்டி பல ஆண்டு உழைக்கும். கண்ணாடி மின்முனை ஓரிரு ஆண்டில் தளர்ந்துவிடும். அதை உலரவிடக் கூடாது, காய்ச்சி வடித்த நீரிலும் ஊறவைக்கக் கூடாது. 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் வைக்க வேண்டும். அதன் நிலையை அறிய எளிய வழி உண்டு. 25 டிகிரியில் பி.எச். 7 தாங்கல் கரைசலுக்கும் 4 தாங்கல் கரைசலுக்கும் இடையே சுமார் 177 மில்லிவோல்ட் வித்தியாசம் வர வேண்டும். சுத்தம் செய்த பிறகும் 150க்குக் கீழேயே நின்றால் புது மின்முனை வாங்கும் நேரம் வந்துவிட்டது.

ஆகவே கோரிக்கையில் கொட்டேஷன்களோடு இன்னொரு பட்டியலும் இணைய வேண்டும்: உபரியாக ஒரு மின்முனை, தாங்கல் கரைசல்கள், பொட்டாசியம் குளோரைடு, மையவிலக்கிக் குழாய்கள், இவற்றுக்கு ஆண்டுதோறும் ஆகும் தொகை. இந்தப் பட்டியல் இல்லாமல் பி.எச். மீட்டர் கேட்டு வரும் கடிதத்தை, பட்டியலோடு திரும்ப எழுதி வாருங்கள் என்று முதல்வர் திருப்பி அனுப்பினால் அது சரியான முடிவே.