தாளத்தில் உடைந்த நிலவு

மட்டாஞ்சேரியின் மெஹ்ஃபில்களுக்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். ஓர் ஆர்மோனியம், ஒரு ஜோடி தபலா, பாய் விரிக்க ஓர் அறை போதும். 1954இல் வெளிவந்த ‘நீலக்குயில்’ படத்தில் பாடிய மெஹபூப் இந்தக் கூட்டங்களின் செல்லப் பாடகர். தபலாவில் தொடங்கிப் பாட்டுக்கு வந்து, மலையாளத்தில் கஜல் பாடிப் புகழ்பெற்ற உம்பாயியும் (மறைவு 2018) மட்டாஞ்சேரிக்காரர்தான்.

இப்படி ஓர் அறையில் பாடகருக்கும் கேட்பவருக்கும் இடையே சில அடி தூரமே இருக்கிறது. வாத்தியக் கூட்டமும் இல்லை. ஆகவே சொல் எங்கே இடறினாலும் அப்பட்டமாகத் தெரிந்துவிடும். வரியைத் திருத்தாமல் வழியில்லை.

இங்கே அதிகம் புழங்கும் தாளங்களில் ஒன்று கெஹர்வா. எட்டு மாத்திரை, நான்கும் நான்குமாகப் பிரியும். முதல் மாத்திரை ‘சம்’. தபலாவின் அழுத்தமான அடி அங்கே விழும். பாட்டெழுதுபவரின் கணக்கு இலக்கணப் புத்தகத்தைவிட எளிமையானது. தனித்த குறிலுக்கு ஒன்று. நெடிலுக்கும், மெய்யைத் தன்னோடு சேர்த்துக்கொண்ட எழுத்துக்கும் இரண்டு. தமிழுக்கும் மலையாளத்துக்கும் இது ஏறக்குறைய ஒன்றுதான்.

வேலைக்காகப் பிரிந்துபோன கணவனை நினைத்து மனைவி பாடுவதாக ஒரு தமிழ்ப் பாட்டு எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பேனாவில் முதலில் வருவது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

என் இதய வானிலே நீயொரு நிலவு

காகிதத்தில் குறை சொல்ல முடியாது. தொடையில் தட்டிக்கொண்டு நான்கு நான்காகச் சொன்னால் கதை வேறு:

என் இத / ய வானி / லே நீ / யொரு நில / வு

‘இதயம்’ இரண்டாகிவிட்டது. ‘வானிலே’யில் தட்டு விழுவது ‘லே’யில். எல்லாவற்றையும்விட மோசம் கடைசி. பதினாறு மாத்திரைக்குள் அடங்காமல் ‘வு’ மட்டும் அடுத்த சுற்றின் சம்மில் போய் விழுகிறது. கேட்பவர் காதில் ‘நில’ என்று ஒரு சொல்லும், ‘வு’ என்று ஓர் அதட்டலும். சொல்லைப் பொருள் கெட வெட்டுவதை யாப்பிலக்கணக்காரர்கள் ‘வகையுளி’ என்பார்கள். படிக்கும் கவிதையில் கண் அதை ஒட்டவைத்துக்கொள்ளும். பாட்டில் காதுக்கு அந்த வசதி கிடையாது.

முதல் திருத்தம், சொல்லின் தலை தட்டில் விழும்படி மாற்றுவது:

நெஞ்சின் / வானம் / நீயே / நிலவு

மூன்று சொற்களுக்கும் நான்கு நான்கு. ‘நிலவு’க்கு மூன்று, மிச்சமுள்ள ஒன்று மூச்சுவிட. தாளத்தில் இனிப் பிழை இல்லை. ஆனால் அந்த நிலவு பொங்கல் வாழ்த்து அட்டையில் ஜிகினா தடவி அச்சடித்த நிலவு. யார் யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். பாடும் பெண் யார், போனவன் என்ன வேலை செய்தான் என்ற எதுவும் அதில் இல்லை. இந்த நோய்க்கு ‘நிலவை’ எடுத்துவிட்டுத் ‘தென்றலை’ வைப்பது மருந்தாகாது. ஆளைத் தேட வேண்டும்.

மட்டாஞ்சேரியில் தேடல் மூக்கிலேயே முடிந்துவிடும். சுக்கும் மிளகும் அடுக்கிய கிட்டங்கிகளின் வாசம் தெருவிலேயே அடிக்கும். பக்கத்து ஃபோர்ட் கொச்சியில் உள்ள தோபிகானாவில் தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் தலைமுறைகளாகத் துணி வெளுக்கின்றன. போனவன் கிட்டங்கியில் மூட்டை சுமந்தவன். அவன் விட்டுப்போன சட்டை அவள் கையில் இருக்கிறது:

சட்டை / முழுதும் / சுக்கின் / வாசம்

நான்கு சொல், நான்கு தட்டு. ‘சட்டை’யின் ஐகாரத்தைப் பாட்டில் நீட்டிக்கொள்ளலாம். அடுத்த வரிக்கு முதலில் தோன்றுவது ‘துவைத்த பின்னும் போகவில்லை’. இதில் ஒரு பொறி இருக்கிறது. ‘போகவில்லை’க்கு ஏழு மாத்திரைதான். எட்டாக்க வேண்டிப் பாடகர் ‘க’வை இழுத்தால் ‘போகாவில்லை’ என்றாகிவிடும். குறிலை இழுத்தால் சொல் மாறும். இழுக்க வேண்டிய இடத்தில் நெடில் இருக்க வேண்டும். அல்லது இழுக்கவே வேண்டாதபடி எழுத வேண்டும்:

மூன்று / தண்ணீர் / மாற்றிப் / பார்த்தேன்

வாசம் போனதா இல்லையா என்று வரி சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. ஒரே ஒரு கணக்குப் பாக்கி. ‘மூன்று’க்கு மூன்று மாத்திரைதான், ஒன்று குறைகிறது. தவிர, எட்டுச் சொல்லும் எட்டுத் தட்டில் வரிசையாக விழுந்தால் பாட்டு பள்ளிக்கூட டிரில் போலாகிவிடும். இரண்டுக்கும் ஒரே தீர்வு: சம்மில் தபலாவை மட்டும் பேசவிட்டு, இரண்டாவது மாத்திரையில் ‘மூன்று’ என்று எடுப்பது. சொல் உடையவில்லை. பாடுபவள் துணியைப் பிழிந்துவிட்டுப் பேசத் தொடங்குவது போலவும் இருக்கிறது.